கழிக்காமல் நீக்குவோம்: மைனஸில் தடுமாறுகிறவர்களுக்கு நீக்கல் முறை

கோத்தகிரி பக்கத்தில் ஓர் ஊரில் மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். "சார், நீக்கல் முறை எனக்கு வரவே மாட்டேங்குது" என்று வருகிற பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் அவர்களுக்கு அந்த முறை நன்றாகவே தெரிந்திருக்கும். எந்த மாறியை நீக்குவது, எந்தச் சமன்பாட்டை எதனால் பெருக்குவது என்பதெல்லாம் சரியாக இருக்கும். தப்பு ஒரே ஒரு வரியில்தான் இருக்கும். ஒரு சமன்பாட்டை இன்னொன்றிலிருந்து கழிக்கிற வரி அது.

நம் பள்ளிகளில் அந்த வரியை எப்படி எழுதுவோம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவோம். கீழே உள்ள சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் அடியில், அடைப்புக்குறிக்குள் சின்னதாக (−) (+) (−) என்று மாற்றிய குறிகளைப் போடுவோம். அப்புறம் கோடு போட்டு விடையை எழுதுவோம். இந்த முறையில் பிழை இல்லை. ஆனால் மைனஸில் தடுமாறுகிற பிள்ளையின் கண்ணுக்கு இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு குறிகள் தெரிகின்றன: பக்கத்தில் பழைய குறி, அடியில் புதிய குறி. முதல் உறுப்புக்கு அடியில் உள்ளதைப் பார்க்கும், இரண்டாவதற்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும், சமக்குறிக்கு வலப்பக்கம் போகும்போது இரண்டையுமே மறந்துவிடும். அங்கேதான் கணக்கு கவிழ்கிறது.

அதனால் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சமன்பாட்டைக் கழிக்கவே மாட்டோம், கூட்ட மட்டும்தான் செய்வோம். கழிக்க வேண்டிய இடம் வந்தால், அந்தச் சமன்பாட்டை முதலில் மைனஸ் எண்ணால் பெருக்கி, புதிய வரியாக முழுசாக எழுதிவிட்டுக் கூட்டுவோம். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குறி எண்ணோடு சேர்ந்தது

4x − 3y = 30 என்ற சமன்பாட்டைப் படிக்கும்போதே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். "4x-லிருந்து 3y-ஐக் கழி" என்று படிக்காதீர்கள். "4x, அதோடு மைனஸ் 3y" என்று படியுங்கள். அதாவது y-யின் கெழு 3 அல்ல, −3. பென்சிலால் ஒவ்வொரு உறுப்பையும் அதன் முன்னால் இருக்கும் குறியோடு சேர்த்து வட்டம் போடுங்கள். மூன்று வட்டம் வரும்: 4x, −3y, 30. குறி இல்லாமல் இருப்பதற்குப் பிளஸ் என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒரு பத்துக் கணக்குக்காவது இந்த வட்டத்தைக் கட்டாயம் போடச் சொல்வேன். வட்டத்துக்குள் இருக்கும் குறி வட்டத்தைவிட்டு வெளியே வராது. எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் எண்ணும் குறியும் சேர்ந்தே போகும்.

இரண்டு மைனஸ் சந்திக்கும் இடங்கள்

போன வருஷம் ஒரு பெண் −3 − 10 என்பதற்கு 13 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் பிளஸ் தானே சார்?" என்றாள். அவள் சொன்னது தவறான விதி இல்லை. வேறு இடத்துக்கான விதியை இங்கே கொண்டுவந்துவிட்டாள். அது பெருக்கலுக்கான விதி. கூட்டலுக்கு அது பொருந்தாது.

இதை எங்கள் ஊர்க் கடையின் பற்று நோட்டை வைத்து அவளுக்கு விளக்கினேன். கடையில் 3 ரூபாய் பாக்கி இருக்கிறது. இன்னும் 10 ரூபாய்க்குக் கடனாக வாங்குகிறோம். மொத்தம் 13 ரூபாய் கடன். கடனோடு கடன் சேர்ந்தால் கடன்தான் பெருகும், கையில் காசு வராது. எனவே −3 − 10 = −13.

அடுத்து, 3 ரூபாய் கடனும் கையில் 10 ரூபாயும் இருக்கிறது. கடனை அடைத்தால் மிச்சம் 7. எனவே −3 + 10 = 7. கடன் 10, கையில் 3 என்றால், கொடுத்தது போக 7 ரூபாய் கடன் நிற்கும். −10 + 3 = −7. இப்படி எது பெரியதோ அதன் குறி விடைக்கு வரும்.

மூன்றாவது, −3 − (−10). இதுதான் பிள்ளைகள் மிரளுகிற இடம். ஒரு கடனைக் கழிப்பது என்றால், நோட்டில் எழுதியிருந்த 10 ரூபாய் கடனைக் கடைக்காரர் அடித்துவிடுகிறார் என்று பொருள். கடன் ரத்தானால் 10 ரூபாய் கையில் வந்ததற்குச் சமம். எனவே −3 + 10 = 7. இது புரியும். ஆனால் தேர்வு அறையில், அவசரத்தில், மூன்று உறுப்புகளுக்கும் வரிசையாக இதை மனசுக்குள் செய்வதுதான் கஷ்டம்.

நான் சொல்லும் வழியில் இந்த மூன்றாவது வகையே வராது. மிஞ்சுவது இரண்டு வேலைகள்தான்: பெருக்கல், கூட்டல். பெருக்கல் ஒரு வரியில் நடக்கும். கூட்டல் அடுத்த வரியில் நடக்கும். பெருக்குகிற வரியில் "மைனஸ் மைனஸ் பிளஸ்" விதி. கூட்டுகிற வரியில் பற்று நோட்டு விதி. ஒன்று மற்றதன் வரிக்குள் வரக்கூடாது.

மைனஸைக் கடனாகப் பார்ப்பது நம் நாட்டுக்குப் பழக்கமானதுதான். பொ.ஆ. 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்களுக்கு விதி எழுதியபோது பிளஸ் எண்ணைத் 'தனம்' என்றும் மைனஸ் எண்ணை 'ருணம்', அதாவது கடன், என்றும்தான் சொன்னார். அவருக்கும் முந்தைய பழஞ்சீனக் கணித நூல் ஒன்றில், இன்று நாம் செய்கிற நீக்கல் முறையே கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. 2 மாடும் 5 ஆடும் விற்று 13 பன்றி வாங்கினால் 1000 காசு மிஞ்சும் என்பது போல அதில் கணக்குகள் வரும். விற்றது பிளஸ், வாங்கியது மைனஸ். 263-இல் அந்த நூலுக்கு உரை எழுதிய லியு ஹுய், பிளஸ் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மைனஸ் எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று குறிப்பிடுகிறார். என் பிள்ளைகளில் சிலர் வீட்டில் போடும் பயிற்சிக் கணக்குகளில் மைனஸ் உறுப்புகளை மட்டும் வேறு நிற மையில் எழுதுகிறார்கள். நல்ல பழக்கம். தேர்வுத்தாளில் அது முடியாது, அதனால் பென்சில் வட்டத்தையும் கைவிட வேண்டாம்.

கேரட்டும் உரமும்

இப்போது ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து போடுவோம். கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிற ஒரு குடும்பம். ஒரு வாரம் 4 மூட்டை கேரட் விற்று, அந்தப் பணத்தில் 3 மூட்டை உரம் வாங்கினார்கள். கையில் 3,000 ரூபாய் மிஞ்சியது. இன்னொரு வாரம் 2 மூட்டை கேரட்தான் விற்றார்கள், ஆனால் 5 மூட்டை உரம் தேவைப்பட்டது. உரக்கடையில் 3,400 ரூபாய் கடன் நின்றது. விலை இரண்டு வாரமும் ஒன்றுதான். ஒரு மூட்டை கேரட் என்ன விலை, ஒரு மூட்டை உரம் என்ன விலை?

கேரட் மூட்டையின் விலையை x என்றும், உர மூட்டையின் விலையை y என்றும் வைப்போம். எண்கள் சின்னதாக இருக்க, விலையை நூறு ரூபாய்க் கணக்கில் எடுத்துக்கொள்வோம். வந்தது பிளஸ், போனது மைனஸ், கடனாக நின்றதும் மைனஸ்.

4x − 3y = 30 … (1)
2x − 5y = −34 … (2)

எந்த மாறியை நீக்கலாம்? x-இன் கெழுக்கள் 4, 2. இரண்டாவதை 2-ஆல் பெருக்கினால் 4 ஆகிவிடும். y-யின் கெழுக்கள் −3, −5. அவற்றை நீக்க இரண்டையும் பெருக்க வேண்டியிருக்கும். எனவே x-ஐ நீக்குவோம்.

வழக்கமாக இங்கே (2)-ஐ 2-ஆல் பெருக்கி 4x − 10y = −68 என்று எழுதி, (1)-லிருந்து கழிப்பார்கள். கழிக்கும்போது −3y − (−10y) என்றும் 30 − (−68) என்றும் வரும். இரண்டு இடத்தில் இரட்டை மைனஸ்.

நாம் 2-ஆல் பெருக்கப் போவதில்லை, −2-ஆல் பெருக்கப் போகிறோம். ஏன் −2? (1)-இல் x-இன் கெழு +4. அதை ஒழிக்க கீழே −4 வேண்டும். கூட்டினால் பூச்சியம் ஆக வேண்டுமென்றால், எண் ஒன்றாகவும் குறி எதிராகவும் இருக்க வேண்டும். 2-ஐ −4 ஆக்க −2-ஆல் பெருக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை ஓரத்தில் "(2) × −2" என்று எழுதிவிடுங்கள்.

இனி மூன்று வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பெருக்குவோம். அவசரம் வேண்டாம்.

2x × (−2) = −4x
−5y × (−2) = +10y
−34 × (−2) = +68

இதைச் சமன்பாடாக எழுதுவோம்.

−4x + 10y = 68 … (3)

இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது. மைனஸ் எண்ணால் பெருக்கினால் மூன்று உறுப்புகளின் குறியும் மாறியிருக்க வேண்டும். (2)-இல் குறிகள் பிளஸ், மைனஸ், மைனஸ். (3)-இல் மைனஸ், பிளஸ், பிளஸ். மூன்றும் மாறியிருக்கின்றன, சரி. ஒன்று மாறாமல் இருந்தாலும் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் மாறாமல் நிற்பது வலப்பக்கத்து எண்தான். சமக்குறியைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று கை நின்றுவிடுகிறது.

இப்போது (1)-ஐயும் (3)-ஐயும் கூட்டுவோம். கூட்டல் மட்டும்தான்.

4x − 3y = 30
−4x + 10y = 68
――――――――――
7y = 98

x ஒழிந்தது. −3y + 10y = 7y, பற்று நோட்டு விதிப்படி. 30 + 68 = 98. எனவே y = 14.

இதை (1)-இல் பிரதியிடுவோம்.

4x − 3(14) = 30
4x − 42 = 30
4x = 72
x = 18

கேரட் மூட்டை 1,800 ரூபாய், உர மூட்டை 1,400 ரூபாய். சரிபார்க்க (2)-க்குப் போவோம்: 2(18) − 5(14) = 36 − 70 = −34. சரியாக இருக்கிறது.

இதே கணக்கில் தப்பு எப்படி வரும்

இதே கணக்கைக் கழித்தல் வழியில் செய்ததில் நான் நோட்டுகளில் பார்த்த வடிவங்கள் மூன்று. உங்கள் நோட்டில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாவது, −13y = 98. இங்கே −3y − (−10y) என்பதில் உள்ளே இருந்த மைனஸ் காணாமல் போய், −3y − 10y ஆகிவிட்டது. y-க்குக் கிட்டத்தட்ட −7.5 வரும். உரத்துக்கு மைனஸ் விலை இருக்க முடியாது. அதாவது உரக்கடைக்காரர் நமக்கு உரத்தையும் கொடுத்துப் பணத்தையும் கொடுக்கிறார் என்று கணக்கு சொல்கிறது. இப்படி வந்தால் உடனே திரும்பிப் போய், கழித்த வரியைப் பாருங்கள்.

இரண்டாவது, 7y = −38. இடப்பக்கம் சரியாகக் கழித்துவிட்டு, வலப்பக்கத்தில் 30 − (−68) என்பதை 30 − 68 என்று எடுத்தது. இதிலும் மைனஸ் விலை வரும்.

மூன்றாவது, −13y = −38. இரண்டு பக்கமும் தப்பு. இதுதான் மோசம், ஏனென்றால் இரண்டு தப்பும் சேர்ந்து y-க்குப் பிளஸ் விடை கொடுத்துவிடும். 38-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.9. உர மூட்டை 290 ரூபாய்! தசமம் வந்ததால் மட்டும் தப்பு என்று சொல்லிவிட முடியாது, தசம விடை உள்ள கணக்குகளும் உண்டு. ஆனால் பாடப்புத்தகக் கணக்குகளில் விடை பெரும்பாலும் முழு எண்ணாகவே அமைந்திருக்கும். 13-ஆல் 38-ஐ வகுக்க வேண்டி வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை மேலே பார்ப்பது நல்லது.

−2-ஆல் பெருக்கும் வழியிலும் இதே மூன்றாவது தப்பு வரலாம். முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றி −4x − 10y = −68 என்று எழுதினால், கூட்டும்போது அதே −13y = −38 தான் வரும். அதனால்தான் மூன்று குறியும் மாறியதா என்று பார்க்கச் சொன்னேன். கழித்தல் வழியில் இப்படிப் பார்க்க ஒரு வரியே இல்லை, எல்லாம் மனசுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

விடையே மைனஸாக வந்தால்

மைனஸ் விலை தப்பு என்று சொன்னதும், விடை மைனஸாக வந்தாலே தப்பு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீலகிரியில் இருக்கிற பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் விடிகாலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும். "இன்னைக்கு மைனஸ் ரெண்டாம்" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு விடிகாலையில் தலைகுந்தாவின் வெப்பநிலை x, கோத்தகிரியின் வெப்பநிலை y. இரண்டையும் கூட்டினால் 5. கோத்தகிரியில் 9 டிகிரி அதிகம்.

x + y = 5
−x + y = 9

இரண்டாவது சமன்பாட்டை y − x = 9 என்றும் எழுதலாம். ஆனால் x-க்கு நேர் கீழே x, y-க்கு நேர் கீழே y வரும்படி அடுக்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. x-இன் கெழுக்கள் 1, −1. ஏற்கெனவே எதிர்க் குறிகள், எனவே பெருக்க வேண்டியதே இல்லை. நேராகக் கூட்டினால் 2y = 14, y = 7. முதல் சமன்பாட்டில் போட்டால் x + 7 = 5, x = −2. தலைகுந்தாவில் மைனஸ் 2 டிகிரி, கோத்தகிரியில் 7 டிகிரி. இங்கே மைனஸ் விடை முழுக்கச் சரி. எதைப் பற்றிய எண் என்று பார்த்துவிட்டுத்தான் மைனஸைச் சந்தேகப்பட வேண்டும். வெறும் எண்களாகக் கொடுத்த கணக்கில் மைனஸ் விடையைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை.

எல்லாச் சிக்கலும் உள்ள ஒரு கணக்கு

4x = 3 − 3y
2y + 5 = −5x

இப்படிக் கலைந்து கிடக்கிற கணக்கை முதலில் அடுக்க வேண்டும். மாறிகள் இடப்பக்கம், எண் வலப்பக்கம். "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதைவிட, இரண்டு பக்கமும் என்ன கூட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். முதல் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் 3y கூட்டுகிறேன்: 4x + 3y = 3. இரண்டாவதில் இரண்டு பக்கமும் 5x கூட்டி, 5-ஐ நீக்குகிறேன்: 5x + 2y = −5. அந்த 4x அதே பக்கத்தில்தான் இருக்கிறது, 2y-யும் அப்படியே. அவற்றின் குறி மாறக்கூடாது. "பக்கம் மாறினால்" விதியை மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளைகள் இடம் நகராதவற்றுக்கும் குறியை மாற்றிவிடுகிறார்கள்.

4x + 3y = 3 … (1)
5x + 2y = −5 … (2)

y-ஐ நீக்குவோம். 3-க்கும் 2-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. ஒன்று +6y, மற்றது −6y ஆக வேண்டும். எனவே (1)-ஐ 2-ஆலும் (2)-ஐ −3-ஆலும் பெருக்குகிறோம். எதை மைனஸால் பெருக்குவது என்பது நம் விருப்பம். ஆனால் ஒன்றை மட்டும்தான் பெருக்க வேண்டும். இரண்டையும் மைனஸால் பெருக்கினால் குறிகள் மறுபடி ஒன்றாகிவிடும்.

(1) × 2: 8x + 6y = 6 … (3)
(2) × −3: −15x − 6y = 15 … (4)

(2)-இன் குறிகள் பிளஸ், பிளஸ், மைனஸ். (4)-இன் குறிகள் மைனஸ், மைனஸ், பிளஸ். மூன்றும் மாறியிருக்கின்றன. கூட்டுவோம்.

−7x = 21

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. 21-ஐ 7-ஆல் வகுத்து x = 3 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். x-இன் கெழு 7 அல்ல, −7. வகுப்பதும் −7-ஆல்தான். 21 ÷ (−7) = −3. வகுத்தலுக்கும் பெருக்கலின் குறி விதிதான்: குறிகள் வேறு வேறாக இருந்தால் விடை மைனஸ். கெழுவாக −1 வந்தாலும் இதே கதைதான். −x = 2 என்று வந்தால் அது விடை இல்லை, இரண்டு பக்கத்தையும் −1-ஆல் பெருக்கி x = −2 என்று ஆக்கிய பிறகுதான் விடை.

அடுத்தது பிரதியிடல். மைனஸ் எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி போடாமல் எழுதாதீர்கள். 4x-இல் x-க்குப் பதில் −3 போடும்போது 4 −3 என்று எழுதினால், அடுத்த வரியில் அது கழித்தலாகி 1 என்று வந்துவிடும். 4(−3) என்று எழுதினால் பெருக்கல் என்று தெரியும்.

4(−3) + 3y = 3
−12 + 3y = 3
3y = 15
y = 5

12 ரூபாய் கடன் இருந்தும் கடைசியில் கையில் 3 இருக்கிறது என்றால், 3y-யாக வந்தது 15 ரூபாய். இப்படிச் சொல்லிப் பார்த்தால் 3 − 12 என்று எழுதிவிட மாட்டீர்கள்.

எந்தச் சமன்பாட்டில் சரிபார்ப்பது

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். மேலே உள்ள கணக்கில் ஒருவர் x = 3 என்று தப்பாக எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். (1)-இல் பிரதியிடுகிறார்: 12 + 3y = 3, 3y = −9, y = −3. அழகான முழு எண். சந்தேகமே வராது. சரிபார்க்க மறுபடி (1)-க்கே போகிறார்: 4(3) + 3(−3) = 12 − 9 = 3. "சரியா வருது சார்" என்கிறார்.

வரத்தானே செய்யும்! y-ஐயே (1)-லிருந்துதான் எடுத்தார். x-க்கு எந்த எண்ணை வைத்துக்கொண்டு போயிருந்தாலும் (1) ஒத்துக்கொள்ளும்படி ஒரு y-ஐக் கொடுத்திருக்கும். அதே விடையை (2)-இல் போட்டால் 5(3) + 2(−3) = 15 − 6 = 9. ஆனால் வலப்பக்கம் −5 இருக்க வேண்டும். தப்பு அங்கேதான் வெளிப்படுகிறது. சரியான விடையைப் போட்டால் 5(−3) + 2(5) = −15 + 10 = −5.

எனவே பிரதியிட்டது (1)-இல் என்றால் சரிபார்ப்பது (2)-இல். அதுவும் கேள்வித்தாளில் கொடுத்திருக்கும் மூல வடிவில் போடுவது இன்னும் நல்லது. அடுக்கும்போதே குறி தப்பியிருந்தால் அதுவும் பிடிபடும். 2y + 5 = −5x என்பதில் இடப்பக்கம் 10 + 5 = 15, வலப்பக்கம் −5(−3) = 15. இரண்டும் ஒன்று.

எப்போதாவது கூட்டும்போது x, y இரண்டுமே ஒழிந்துவிடும். 0 = 13 என்பது போல வந்தால் அந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு இல்லை. 0 = 0 என்று வந்தால் இரண்டும் ஒரே சமன்பாடுதான், தீர்வுகள் எண்ணற்றவை. ஆனால் மைனஸில் தடுமாறுகிறவர்கள் இப்படி எழுதுவதற்கு முன்னால், பெருக்கிய வரியை ஒரு முறை திரும்பப் பார்த்துவிடுங்கள்.

போட்டுப் பாருங்கள்

மூன்று கணக்குகள் தருகிறேன். வட்டம் போட்டு, மைனஸால் பெருக்கிய வரியைத் தனியாக எழுதி, மூன்று குறியையும் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

முதல் கணக்கு: 3x − 2y = −13, −5x − 4y = −15. முதல் சமன்பாட்டை −2-ஆல் பெருக்கினால் போதும். −11x = 11 என்று வர வேண்டும். x = −1, y = 5. y-ஐக் கண்டுபிடிக்கும்போது −2y = −10 என்று வரும். மைனஸை மைனஸால் வகுக்கிறோம், அதனால்தான் பிளஸ் 5.

இரண்டாவது: 2x − 7y = 22, 3x + 5y = 2. x-ஐ நீக்குங்கள். ஒன்றை 3-ஆலும் மற்றதை −2-ஆலும் பெருக்கினால் −31y = 62 வரும். y = −2, x = 4. பிரதியிடும்போது −7(−2) என்று அடைப்புக்குறியோடு எழுதினீர்களா என்று பாருங்கள், அது +14.

மூன்றாவது கணக்குக்கு வழி சொல்லவில்லை. ஒரு வாரம் 3 மூட்டை கேரட் விற்று 4 மூட்டை உரம் வாங்கியதில் 600 ரூபாய் கடன் நின்றது. அடுத்த வாரம் 5 மூட்டை கேரட் விற்று 3 மூட்டை உரம் வாங்கியதில் கையில் 4,500 ரூபாய் மிஞ்சியது. கிடைத்த விலைகளை முதல் வாரக் கணக்கில் வைத்துப் பிரதியிட்டிருந்தால், இரண்டாம் வாரக் கணக்கில் 4,500 வருகிறதா என்று பாருங்கள்.